பாட்டி கையில் தடி இல்லாத படம்

கடிதம் வீட்டுக்கு வராமல் பேரன் வேலை பார்க்கும் போட்டோ ஸ்டுடியோ முகவரிக்கே வந்திருந்தது. உறையின் மேல் பாட்டியின் கையெழுத்து. கணினியை விட்டு நகராமலே பிரித்தான்.

"கண்ணு, போன்ல சொன்னா உங்கம்மா காதுல விழும், அதான் எழுதறேன். வாசல்ல எல்லாரும் எடுத்துக்கிட்ட படத்துல என் தடிய மட்டும் எடுத்துடு. எங்க அக்காவுக்கு அனுப்பணும். தடி விஷயம் அவளுக்குத் தெரியாது. இன்னும் தினமும் தெருவைச் சுத்தி வர்றேன்னு ரெண்டு வருஷமா அவகிட்ட அளந்து விட்டிருக்கேன். மூஞ்சிச் சுருக்கத்துல கை வைக்காத. அது நான் சம்பாதிச்சது."

அக்கா பாட்டியைவிட இரண்டு வயது மூத்தவள். கடல் தாண்டி மகன் வீட்டில் இருக்கிறாள். சிறுவயதில் பள்ளிக்கூடத்து இரும்புக் கதவை யார் முதலில் தொடுவது என்று இருவருக்கும் தினமும் போட்டியாம். பாட்டி ஒரு நாளும் ஜெயித்ததில்லை. அந்தத் தோல்வி அறுபது வருடம் கழித்தும் ஆறவில்லை என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

படத்தைத் திறந்தான். உட்கார மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து நடுவில் நிற்கிறாள் பாட்டி. வலது கையில் தடி. உயரமானவன் என்பதால் அவனை அவள் வலப்பக்கம் படியில் உட்கார வைத்திருந்தார்கள்.

மூலப்படத்தின் மேல் புதிதாக ஓர் அடுக்கு வைத்து, அதில்தான் வேலை செய்தான். கீழே இருப்பது அழியாது. புடவை மடிப்பைப் பக்கத்திலிருந்து பிரதி எடுத்துத் தடியின் மேல் ஒட்டினான். தரை அவ்வளவு சுலபமாக வளையவில்லை. பின்னால் போகப் போக ஓடுகள் சிறுத்துக்கொண்டே போயின. ஒவ்வொரு கோட்டையும் சாய்வு பார்த்து இழுத்தான். நிழலையும் துடைத்தான். ஒட்டிய இடம் மட்டும் பிளாஸ்டிக் போல வழவழத்தது. மற்ற இடத்தில் இருக்கிற பொடிப்புள்ளிகளை அங்கேயும் தூவினான்.

தடி போய்விட்டது. கை போகவில்லை. விரல்கள் எதையோ இறுக்கிப் பிடித்தபடி காற்றில் நின்றன. உடம்பு வலது பக்கம் சாய்ந்திருந்தது. பார்த்தால் அடுத்த நொடி விழுந்துவிடுவாள் போல.

பின்னால் வந்து நின்ற முதலாளி சொன்னார். "என்னப்பா, உங்க பாட்டி யாரையோ கழுத்தப் பிடிக்கிற மாதிரி இருக்கு."

"அவங்க அக்காவைத்தான் சார்."

முதலாளி சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவன் அந்தக் கையைப் பெரிதாக்கிப் பார்த்தான். இந்தக் கைதான் அவனைப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு ஓடியது. அவன் செருப்பு அறுந்தாலும் நிற்காத நடை. "மணி அடிக்கறதுக்கு முன்னாடி கதவைத் தொடணும்டா" என்பாள். அவர்களோடு யாரும் போட்டிக்கு வரவில்லை என்பது அவனுக்கு அப்போது தோன்றியதே இல்லை.

அன்று எடுத்த ஏழு படங்களையும் புரட்டினான். இரண்டாவதில், எல்லோரும் ஒழுங்காக நிற்பதற்கு முன், பாட்டி தடியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அவன் தோளில் கை ஊன்றிச் செருப்பைச் சரி செய்துகொண்டிருந்தாள். அதே வெயில், அதே வளையல். உட்கார்ந்திருந்த அவன் தோள், தடியின் பிடி இருந்த அதே உயரம்.

அந்தக் கையை முழங்கையிலிருந்து வெட்டி எடுத்தான். தன்னை இரண்டு விரற்கடை அவள் பக்கம் நகர்த்தித் தன் தோளில் அதை வைத்தான். சாய்வுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அச்செடுத்துப் பாட்டிக்கு அனுப்பினான்.

மூன்று வாரம் கழித்து பாட்டி போன் செய்தாள்.

"அக்கா எழுதியிருக்கா."

"என்ன சொல்றாங்க?"

பாட்டி கடிதத்தை வாசித்தாள். "'ஏண்டி, தடிய எங்க ஒளிச்ச? ஒரு ஜாண் தூக்கிப் புடவை கட்டியிருக்கியே. நீ தரையைக் கூட்டற மாதிரி கட்டறவ. தடி முனை கரையை மிதிக்குதுன்னு நானும் மூணு வருஷமா தூக்கித்தான் கட்டறேன்.'"

அவன் திரையில் அந்தப் படத்தை எடுத்தான். பாட்டியின் கணுக்கால் பளிச்சென்று தெரிந்தது. ஓடு ஓடாகப் பார்த்தவன் இதைப் பார்க்கவில்லை.

"மன்னிச்சுடு பாட்டி. எனக்குத் தோணல."

"ஆம்பளைக்கு எங்க தோணும், விடு." குரலில் கோபம் இல்லை. "மூணு வருஷமாம்டா. எனக்கு ஒரு வருஷம் முன்னாடியே அவ தடியப் பிடிச்சிருக்கா. இதுலயும் அவதான் முதல்ல."

"இப்ப என்ன பண்ணட்டும்?"

"தடியோட ஒண்ணு அனுப்பு. அவளும் தடியோட அனுப்பறாளாம். யாரு தடி நல்ல தடின்னு பாத்துடலாம்."

மேல் அடுக்கை அணைத்தான். தடி திரும்பி வந்தது, அதன் நிழலும் கூடவே. கை அவன் தோளை விட்டு விலகியது. அவன் இரண்டு விரற்கடை தள்ளிப் போய்ப் படியில் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

தடியோடு ஒன்று, தோளில் கையோடு ஒன்று, அச்சுக்கு இரண்டையும் கொடுத்தான்.