நாலாவது பூச்சாடி

இரத்தப் பரிசோதனைக்கு வந்த அண்ணன், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே பக்கத்து மேசையைப் பார்த்தார். நீல நிறப் பூச்சாடி. இங்கே இரத்தம் எடுக்கும் தங்கைக்குப் போன பிறந்தநாளில் அவர் கொடுத்தது. இப்போது அதில் ஆறு பேனாவும் ஒரு கத்தரிக்கோலும் நின்றன.

"இது நான் குடுத்ததுதானே?"

அவள் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள். பக்கத்து மேசைக்காரி நல்ல மனதோடு முந்திக்கொண்டாள். "மேடம்தான் எனக்குக் குடுத்தாங்க சார். வீட்டுல இதோட நாலு இருக்காம்."

இருபத்தாறு வருடமாக ஆய்வகத்தில் ஒரே குத்தில் நரம்பைப் பிடிக்கிற கை, அன்று இரண்டு முறை குத்தியது. அண்ணன் பஞ்சை அழுத்திக்கொண்டே எழுந்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "அடுத்த மாசம் உனக்கு ஐம்பது. என்னதான் வேணும்னு எழுதிக் குடுத்துடும்மா. எனக்குத் தெரியல பாரு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கடைசி வார்த்தை முள்ளாய்த் தைத்தது. அன்று சாயங்காலமே பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தாள். வாயைத் திறந்து எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். ஒரு மணி நேரத்தில் மூன்று வரி வந்தது: எதுவானாலும் சரி. நீங்கள் வந்தால் போதும். ஒரு குளியல் துண்டு.

அவளுடைய தங்கை போனில் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "எதுவானாலும் சரின்னு சொல்லித்தான்க்கா நாலு பூச்சாடி வந்துச்சு. உனக்கு நிஜமா என்ன வேணும்?"

சரி, நிஜமாகவே எழுதுவோம் என்று மறுநாள் எழுதினாள். சாய்வு நாற்காலி, சலவை இயந்திரம், புதுப் போன். கணவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படித்தார். "ஆளக் கடத்தி வச்சுக்கிட்டு அனுப்புற லெட்டர் மாதிரி இருக்கு. உன்ன எப்ப விடுவாங்கன்னு போடலயா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பேப்பரைக் கசக்கி எறிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை நேரிலேயே வந்துவிட்டாள். அக்காளின் ஒரு நாளை, காலை முதல் சொல்லச் சொன்னாள். எங்கெங்கே அவள் முகம் சுளித்தாளோ அங்கெல்லாம் ஒரு பொருள் கிடைத்தது. நாள் முழுக்க நின்று வீங்கும் பாதத்துக்கு, முன்பக்கம் மூடிய, கழுவக்கூடிய மெத்தைச் செருப்பு. "அளவு போடு. நிறம் போடு. கடை ரசீத வச்சிருங்கன்னும் போடு, சேரலைன்னா மாத்திக்கலாம்." கையுறை மாட்டி மாட்டி வெடித்த விரல்களுக்கு வாசனையில்லாத களிம்பு. பழைய புத்தகக்கடைத் துப்பறியும் நாவல், யாராவது படித்துக் கிழிந்ததே போதும். மூடி இறுகப் பூட்டும் சாப்பாட்டு டப்பா. சின்ன விலையில் நிறைய, நடு விலையில் இரண்டு. பெரிதாக நாற்காலி மட்டும், அதற்கும் பக்கத்தில் 'எல்லாரும் சேர்ந்து, முடிந்தால்'. காசே ஆகாதது இரண்டு: சமையலறையில் மினுக்கும் விளக்கைச் சரிசெய்வது, பழைய புகைப்படங்களை ஆல்பத்தில் ஒட்ட ஒரு மதியம் கூட உட்காருவது.

"பேராசைன்னு நினைப்பாங்கடி."

"பத்து பொருள் போட்டது பத்தும் வேணும்னு இல்லக்கா, அவங்களுக்கு இஷ்டப்பட்டத எடுத்துக்கத்தான். யாரு எதுன்னு எங்கிட்ட சொல்லட்டும், ரெண்டு பேரு ஒண்ணையே வாங்காம நான் பாத்துக்கிறேன். நீ எட்டிப் பாக்கக் கூடாது."

பட்டியலுக்கு மேலே போடும் குறிப்பை மட்டும் அவளே எழுதினாள்: 'அண்ணன் கேட்டதால் எழுதியது. ஏற்கெனவே ஏதாவது கொடுக்க நினைத்திருந்தால் மட்டும் பாருங்கள். வெறும் கையோடு வந்தாலும் சாப்பாடு உண்டு. உங்கள் பட்டியலையும் அனுப்புங்கள், நானும் இருட்டில் துழாவிக்கொண்டுதான் இருக்கிறேன்.'

குடும்பக் குழுவில் போட்டதும் போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, சுத்தமாக இருந்த அடுப்பைத் துடைத்தாள். பத்து நிமிடம் கழித்துப் போனை நிமிர்த்திப் பார்த்தாள். எல்லாரும் பார்த்துவிட்டார்கள். மானம் போயிற்று என்று நினைத்தபோது அண்ணி கூப்பிட்டாள்.

"அப்பாடா! வருஷா வருஷம் உங்க அண்ணன் கடை கடையா என்னை இழுத்துட்டு அலைவாரு. கடைசியில கடைக்காரன் பாவப்பட்டு ஒரு பூச்சாடிய எடுத்து நீட்டுவான். செருப்பு எங்களுது, உன் தங்கச்சிகிட்ட சொல்லிட்டேன்."

அதன்பின் ஒவ்வொருவர் பட்டியலாக வந்தது. அண்ணிக்குச் செடி வெட்டும் கத்தரிக்கோல். தங்கை வீட்டுக்காரருக்கு எந்தப் பூவும் போடாத சட்டை. அண்ணனுடையது கடைசியில் வந்தது, ஒன்றே ஒன்று: 'காலையில் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். தனியாக நடக்க வெட்கமாக இருக்கிறது. கூட ஒரு ஆள்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். தங்கையிடம் சொல்லி உடனே தன் பேரில் குறித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை, பூங்காவை மூன்றாவது முறை சுற்றும்போது அண்ணன் சத்தமாக ஒரு பழைய கதை சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு சூடுபிடிக்கும்போதெல்லாம் நின்றுவிடுவார்.

"நடந்துக்கிட்டே சொல்லுண்ணா."

அவர் இரண்டடி நடந்தார், சிரிப்புத் தாங்காமல் மறுபடியும் நின்றார். எதிரே ஓடிவந்தவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போனார்கள்.