ஐந்து எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி

ராயபுரத்தில் ஒரு மருத்துவமனையில் நான் உணவு ஆலோசகர். பெயர் சாண்ட்ரா. நான் சொல்வதை நோயாளிகள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, வாசலிலேயே பஜ்ஜி தின்பார்கள். பத்து வருடமாக எனக்கு அந்த எரிச்சல். ஒரே ஒருவர் மட்டும் நான் சொன்னதை எழுத்துக்கு எழுத்து கேட்டார். ஃப்ளோரா அக்கா.

அக்கா சர்ச் தெரு முனையில் தள்ளுவண்டியில் மீன் பொரித்து விற்பவர். கணவர் பிராங்கிளின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஐம்பத்து நாலு வயதில் மாரடைப்பு வந்தது. இன்னொன்று வந்தால் இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த இன்னொன்று வராமல் பார்த்துக்கொள்ளத்தான் அக்கா என்னிடம் வந்தார்.

“இன்னா எண்ணெ ஊத்தணும்னு மட்டும் சொல்லு மேடம். மிச்சத்த நா பாத்துக்கறேன்.”

நான் ஒரு அட்டவணை வைத்திருந்தேன். நானே போட்டது, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். ஒரு மேசைக்கரண்டி, அதாவது பதினாலு கிராமுக்குச் சற்றுக் குறைவு, அதில் எந்தக் கொழுப்பு எவ்வளவு என்ற கணக்கு. தேங்காய் எண்ணெயில் இதயத்துக்கு ஆகாத நிறைவுற்ற கொழுப்பு மட்டுமே பதினோரு கிராமுக்கு மேல். தவிட்டெண்ணெயில் இரண்டே முக்கால், கடலை எண்ணெயில் இரண்டே கால். இந்த இரண்டிலும் ஒற்றை நிறைவுறா, பன்னிறைவுறா என்ற மற்ற இரு வகைக் கொழுப்பும் ஓரளவு சமமாக இருக்கும். கடுகெண்ணெயில் நிறைவுற்றது ஒன்றரை கிராம், ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு எட்டு, ஒமேகா மூன்றும் முக்கால் கிராம் உண்டு.

“அந்த நாத்தத்த அவரு வாயில வெக்க மாட்டாரு,” என்றார் அக்கா.

சூரியகாந்தியில் நிறைவுற்றது ஒன்று புள்ளி நாலுதான். பன்னிறைவுறாக் கொழுப்பு கிட்டத்தட்ட ஒன்பது. வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். கடலையையும் தவிட்டையும் மாற்றி மாற்றி ஊற்றுங்கள் என்று நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டும். நான் அந்த ஒன்று புள்ளி நாலைப் பேனாவால் வட்டமிட்டேன். “கெட்ட கொழுப்பு இதுலதான் கம்மி. ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு மூணு கரண்டி. அதுக்கு மேல வேணாம்.”

பிறகு ஏழு மாதம், மாதம் தவறாமல் வந்தார். என்ன எண்ணெய் என்று கேட்பேன். சன்ஃப்ளவர் என்பார். எத்தனை கரண்டி? இரண்டு, மிஞ்சினால் மூன்று. நான் மகிழ்ச்சியோடு டிக் அடிப்பேன். இப்படி ஒரு ஆள் எனக்கு வாய்த்ததே என்று மற்றவர்களிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு.

எட்டாவது மாதம் மறுபடி மாரடைப்பு வந்து பிராங்கிளினை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். உயிர் இருந்தது. இதயத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வேலை செய்தது. ஆபரேஷனுக்கு உடம்பு தாங்காது, இனி செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் கையை விரித்தார்கள்.

அக்கா என் அறைக்கு வந்தார். அழவில்லை.

“நா எங்க தப்பு பண்ணேன் மேடம்? வண்டிக்குக் கூட இதே எண்ணெயா மாத்திட்டனே. முன்னெல்லாம் கடலெண்ணெ.”

“வண்டிக்கு எதுக்குக்கா?”

“அப்பத்தான வூட்டுக்கும் ஆவும். மூணு நாளு பொரிச்சதும் வடிகட்டி எடுத்துகினு போவேன். கொளம்புக்கு, பொரியலுக்கு எல்லாம் அதான். நல்ல எண்ணெய யாராச்சும் கொட்டுவாங்களா?”

சூரியகாந்தியை நான் வட்டமிட்டேனே, அதன் ஒன்பது கிராம் பன்னிறைவுறாக் கொழுப்புதான் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் சீக்கிரம் சிதைந்து நச்சாவது. கடலை எண்ணெய் அந்தச் சட்டியில் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்திருக்கும். என் அட்டவணை மொத்தமும் பாட்டிலில் இருந்து ஊற்றிய புது எண்ணெயின் கணக்கு. மீன் பொரிப்பவர் என்று தெரிந்திருந்தும் ஏழு மாதத்தில் ஒரு முறை கூட, அது புது எண்ணெயா என்று நான் கேட்கவில்லை.

அதை அக்காவிடம் சொன்னேன். இரண்டாவது மாரடைப்பு அந்த எண்ணெயால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது என்றும் சொன்னேன். உண்மைதான். இல்லை என்றும் யாராலும் சொல்ல முடியாது. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அக்கா பழையபடி கேட்டார்.

“செரி. நாளைக்கு வூட்டுக்கு இட்டுகினு போவச் சொல்லிட்டாங்க. இனிமே புதுசாத்தான் ஊத்துவேன். எந்த எண்ணெ, எத்தினி கரண்டின்னு சொல்லு.”

எனக்குப் பதில் தெரியும். இத்தனை வருடத்தில் யாரிடமும் சொல்லாத பதில்.

“அவருக்கு என்ன புடிக்கும்க்கா?”

“தேங்காண்ணெயில பொரிச்ச வஞ்சிரம். ஏன்?”

“அதையே குடுங்க. எவ்வளவு கேக்கறாரோ அவ்வளவு.”

அக்கா தலையாட்டவில்லை. மீன் கத்தி கீறிய தழும்புகள் நிறைந்த கையால் என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் அழுதார்.