நாலு பொட்டு, ஆறு பொட்டு

தாடிக்காரன் கிராபிக்ஸ் கார்டை என் முகத்தில் விட்டெறிந்தபோது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். முக்கால் கிலோ உலோகம் அது. உதடு கிழிந்தது, பல் ஒன்று ஆடியது, டீ சட்டையெல்லாம் கொட்டியது. என்ன ஏது என்று கேட்பதற்குள் கவுன்டரைத் தாண்டி வந்து என் தலைமுடியைப் பிடித்துக் கண்ணாடி அலமாரியில் மோதினான். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. நெற்றிதான் புடைத்தது.

"பன்னெண்டு ஜிபின்னு சொல்லித்தானே குடுத்த? எட்டுதான்யா இருக்கு! ரெண்டு நாளா ரெண்டர் ஓட மாட்டேங்குது. சீனை ஏத்தினா மெமரி பத்தலைன்னு சாவுது. சாயங்காலம் அஞ்சு மணிக்குப் படம் போகலைன்னா எனக்கு வேலையே இல்ல!"

அவன் அனிமேஷன் செய்கிறவன். காட்சிகளைக் கணினி படமாக்குவதைத்தான் ரெண்டர் என்கிறான். போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். கார்டின் விவரம் காட்டும் நிரலைப் படம் பிடித்து வைத்திருந்தான். மேலே பெயர் 3060. அதில் தப்பே இல்லை. கீழே மெமரி 8192 எம்பி, அதாவது எட்டு ஜிபி. பஸ் அகலம், அதாவது தகவல் ஓடும் பாதைகள், 128. அங்கேதான் தப்பு.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இந்த 3060 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் உண்டு. நடுவில் இருக்கும் பெரிய சில்லு இரண்டிலும் ஒரே திறன்தான். அதைச் சுற்றியிருக்கும் மெமரி சில்லுகள்தான் வேறு. ஒன்றில் ஆறு, ஒவ்வொன்றும் இரண்டு ஜிபி, ஆகப் பன்னிரண்டு. இன்னொன்றில் நாலு, ஆக எட்டு. ஒவ்வொரு சில்லும் முப்பத்திரண்டு பாதைகளைக் கொண்டு வருகிறது. ஆறு என்றால் 192, நாலு என்றால் 128. அதனால் எட்டு ஜிபி கார்டில் இடமும் குறைவு, மெமரியின் வேகமும் மூன்றில் ஒரு பங்கு குறைவு. பெயரில் மட்டும் ஒரு எழுத்துகூட மாறாது. இப்படிப் பெயர் வைத்தவன் கையில் கிடைத்தால் அவனுக்கும் ரெண்டு போடுவேன்.

கார்டின் முதுகில் இருக்கும் உலோகத் தட்டில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. '3060 12G'. ஸ்டிக்கர் அசல்தான். எனக்கு அந்தக் கார்டைக் கொடுத்தவன் என் அண்ணன்.

அண்ணன் கடை இரண்டு மாடி மேலே. பழைய கார்டுகளை வாங்கி, செத்த சில்லைச் சூடுகாட்டி எடுத்து, வேறு சில்லை வைத்து உயிர் கொடுப்பான். அந்தக் கட்டடத்திலேயே அந்த வேலைக்கு ஒரே கை அவனுடைய வலது கைதான். ஒரு காலத்தில் இருவரும் ஒரே மேஜையில் இருந்தோம். "உனக்குப் பொறுமை கிடையாதுடா, உன் கையில போர்டைக் குடுக்கப் பயமா இருக்கு" என்று நாலு பேர் முன்னால் சொல்லி என்னைத் தனியே அனுப்பினான். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. அவன் வேண்டுமென்றே என் தலையில் எட்டைக் கட்டிவிட்டான் என்று ஒரே நொடியில் முடிவு செய்தேன். யோசித்தேன் என்று சொன்னால் பொய்.

தாடிக்காரனை உட்காரச் சொல்லிவிட்டுக் கார்டோடு படியேறினேன். வாயிலிருந்து ரத்தம் படிக்கட்டில் சொட்டிக்கொண்டே வந்தது.

அண்ணன் வலது கையை மேஜைமேல் ஊன்றி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி பக்கத்தில் பார்சல் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னடா வாயில ரத்தம்?" என்றான் அண்ணன்.

"நீ குடுத்த பரிசு" என்று காலருக்குப் பாய்ந்தேன். அவன் நாற்காலியோடு சரிந்தான். எழுந்தவன் ஓர் அறை விட்டான், காது ஙொய்யென்றது. நான் அவன் வயிற்றில் உதைத்தேன். அண்ணி நடுவில் வந்து என் முதுகில் டேப் உருளையால் அடித்தார், அது எனக்கு உறைக்கவே இல்லை.

"ஸ்டிக்கரைப் பாரு! என்னைத் திருடன்னு ஆக்கிட்டியே!"

"டேய், நான் அனுப்பினது சரியாத்தான்டா..." என்று அவன் கார்டை எடுக்க மேஜைமேல் கை வைத்தான்.

இரும்பு ஸ்டூல் என் கையில் எப்படி வந்தது என்று தெரியாது. அதை இறக்கியது தெரியும். மட்டையை முறித்தது போல ஒரு சத்தம் வந்தது. அண்ணன் கத்தவில்லை. வலது கையைப் பார்த்தான். இரண்டு விரல்கள் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தன. அண்ணிதான் கத்தினார்.

அண்ணன் தரையில் உட்கார்ந்தான். முகமெல்லாம் வேர்த்திருந்தது. இடது கையால் ஒரு ஸ்க்ரூடிரைவரை என் பக்கம் தள்ளினான்.

"கழட்டு."

"அண்ணே..."

"கழட்டுடா!"

கழற்றினேன். ஒரு திருகு உருண்டு ஓடியது. தட்டை எடுத்தேன். போர்டின் ஓரத்தில் வெள்ளைப் பெயின்டில் நாலு பொட்டு இருந்தது.

இது அண்ணன் பழக்கம். பெயரை நம்பமாட்டான், ஸ்டிக்கரையும் நம்பமாட்டான். சில்லுகளை எண்ணி, எத்தனையோ அத்தனை பொட்டுகள் வைப்பான். "கல்யாணப் பொண்ணா, பொட்டு வச்சு அனுப்புற?" என்று நான் எத்தனை முறை கிண்டல் செய்திருக்கிறேன்.

முன்பக்கத்துக் கூலரையும் எடுத்தேன். நாலு சில்லுகள். இரண்டு இடம் காலியாக, ஈயப் புள்ளிகள் மட்டும் பல்லிளித்தன.

"ரெண்டு கார்டு அனுப்பினேன். ஒண்ணு எட்டு, ஒண்ணு பன்னெண்டு. ஒரே கம்பெனி, ஒரே தட்டு. ரெண்டையும் ஒண்ணாப் பிரிச்சுப் போட்டியா?" என்றான்.

பிரித்துப் போட்டேன். தூசு தட்டி, சூட்டைக் கடத்தும் பசையைப் புதிதாகத் தடவ, ஒரே மத்தியானம், ஒரே மேஜையில். தட்டுகளைத் திரும்ப மாட்டும்போது இதற்கு அதை, அதற்கு இதை மாட்டியிருக்கிறேன். அப்புறம் கணினியில் போட்டுப் பெயர் 3060 என்று வருகிறதா, சூடு ஏறுகிறதா என்று மட்டும் பார்த்தேன். அடுத்த வரியைப் படிக்க எனக்குப் பொறுமை இல்லை.

அண்ணி என் கன்னத்தில் அறைந்தார். கிழிந்த உதடு இன்னும் கிழிந்தது. இன்னொன்று அறைந்தார். நான் முகத்தை விலக்கவில்லை. மூன்றாவதும் விழுந்திருக்க வேண்டும், அதற்குள் அண்ணன் மயங்கிவிட்டான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது என் ரத்தத்தை மிதித்துத்தான் இறங்கினோம்.

அண்ணனைச் சேர்த்துவிட்டுக் கடைக்குத் திரும்பி, அலமாரியில் '8G' ஸ்டிக்கரோடு கிடந்த இன்னொரு கார்டை, காத்திருந்த தாடிக்காரனிடம் கொடுத்தேன். அங்கேயே போட்டுப் பார்த்தான். 12288, 192. "ஸாரிண்ணே, கோவத்துல அடிச்சிட்டேன்" என்றான். ஒரு வார்த்தையில் அவன் கணக்கு தீர்ந்துவிட்டது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

அண்ணன் விரல்களில் கம்பி வைத்தார்கள். ஒன்று மடங்குகிறது, ஒன்று மடங்கவே இல்லை. சில்லு எடுக்கும் வேலை போயே போய்விட்டது. மூன்றாம் வாரம் அண்ணி என் கடை வாசலில் வந்து நின்றார்.

"உங்க அண்ணன் கைய எடுத்துக்கிட்ட. உன் கைய அங்க கொண்டு வந்து வை" என்றார்.

கடையைப் பூட்டிவிட்டு மேலே போனேன். இப்போது பழைய மேஜையில் இருவரும் உட்கார்கிறோம். நான் போர்டைப் பிரித்து அவன் முன்னால் வைக்கிறேன். அவன் இடது கை விரலால் ஒவ்வொரு சில்லாகத் தொட்டுப் பார்க்கிறான். பிரஷ் என் கையில் இருக்கிறது.

"நாலு" என்பான். "ஆறு" என்பான்.

அவன் என்னோடு பேசுவது அவ்வளவுதான்.