ஆண்டறிக்கைகளுக்குப் பின்னால்

கலியன் அந்தப் புத்தகத்தைத் திருடவில்லை. நூலகத்தை விட்டு அது ஓரடிகூட வெளியே போகவில்லை. வாசலுக்குப் பக்கத்து மேசையில் இருக்கவேண்டியது, பின்சுவரோரம் அரசாங்க ஆண்டறிக்கைகளுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. கொண்டுபோய்ப் படுக்கவைத்தவர் அவர்தான். இவ்வளவு சின்னக் காரியத்துக்காக எட்டு நாள் சோறு இறங்காமல் போகும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

காக்களூர் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனியில் அவருக்குப் பாரம் ஏற்றி இறக்குகிற வேலை. எழுத்து படித்தது முப்பத்தெட்டாவது வயதில், அறிவொளி வகுப்பில், அரிக்கேன் வெளிச்சத்தில். அதற்கப்புறம் கையில் கிடைத்த சுண்டல் பொட்டலத்தைக்கூட விடாமல் படித்தார். புத்தகம் என்று ஒன்றைத் தூக்கிப் படிக்கும் துணிச்சல் வந்ததோ போன வருடம், இரண்டாயிரத்து ஏழில்தான். திருவள்ளூரில் கடையில் ஒரு தடித்த நாவலைப் புரட்டி விலையைப் பார்த்தார். ஒன்றரை நாள் கூலி. வைத்துவிட்டு வந்துவிட்டார்.

தொழிற்பேட்டையிலிருந்து நடக்கிற தூரத்திலேயே கிளை நூலகம் இருந்தது. ரேஷன் கார்டு நகலைக் கொடுத்து, காப்புத்தொகை கட்டி, வருடச் சந்தா கட்டினால் உறுப்பினர். காப்புத்தொகை விலகும்போது திரும்பி வந்துவிடும். சந்தாவோ இரண்டு டீ, ஒரு வடைக் காசு. அதில் வருடம் முழுக்கப் படிக்கலாம். ஒரு புத்தகத்துக்குப் பதினைந்து நாள். முடியவில்லை என்றால் எடுத்துவந்து காட்டி, இன்னும் பதினைந்து நாள் நீட்டித்துக்கொள்ளலாம், வேறு யாரும் அதற்குப் பதிவு செய்யாமல் இருந்தால். நூலகர் ஆரோக்கியமேரி இதையெல்லாம் பொறுமையாக விளக்கியபோது கலியனுக்கு நம்பிக்கையே வரவில்லை. "அப்பால இன்னா கட்டணும்மா?" என்று மூன்று தடவை கேட்டார்.

ஒரு வருடத்தில் ஒன்பது புத்தகம். கம்பெனியில் அவர் பெயரே மாறிப்போனது. "படிப்பாளி வர்றாருடா, வழி விடு!" என்று கேலியில் ஆரம்பித்தது. பிறகு மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெட்டி ஒட்டுகிற பெண்கள் எல்லாம் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அவர் படித்த கதையைச் சொல்லவேண்டும். அந்தக் கோடையில் அவர் சொல்லிக்கொண்டிருந்தது குதிரைவண்டி ஓட்டுகிற அண்ணன் தம்பி இருவரைப் பற்றிய ஒரு பெரிய நாவல். ஐந்நூறு பக்கத்துக்கு மேல்.

இங்கேதான் சிக்கல். கலியன் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். சின்ன வாக்கியம் என்றால் ஓடிவிடும். நீண்ட வாக்கியம் வந்தால், முடிவுக்குப் போவதற்குள் ஆரம்பம் நினைவில் இருக்காது. அப்படிப்பட்ட பக்கங்களை விட்டுவிட்டு அடுத்த பேச்சு வருகிற இடத்துக்குத் தாவிவிடுவார். தாவிய இடத்தில் கதை அறுந்து நிற்கும். நாளைக்குச் சாப்பாட்டு நேரத்தில் அத்தனை பேர் காத்திருப்பார்களே? அறுந்த இடத்தைத் தானாகவே முடிச்சுப் போட்டுக்கொள்வார். அப்படித்தான் தம்பிக்காரன் கொசஸ்தலை ஆற்று வெள்ளத்தில் செத்தான். புத்தகத்தில் அவனைப் பற்றி நான்கு பக்கம் நீண்ட நீண்ட வாக்கியமாக இருந்தது, அதைத் தாண்டிப் போனால் அவன் பேச்சே காணவில்லை. சரி, செத்துத்தான் போயிருப்பான் என்று கலியன் முடிவு செய்தார். சாவை அவ்வளவு நன்றாகச் சொன்னார். டிபன் டப்பாவை மூடிவிட்டுப் பெண்கள் அழுதார்கள். எல்லாரையும்விட அதிகம் அழுதவள் தமிழ்செல்வி. பத்தாவது வரை படித்தவள், பெட்டி ஓரத்தைச் சேர்த்துக் கம்பி முள் அடிக்கிற மெஷினில் வேலை.

முந்நூற்றுப் பதினாறாம் பக்கத்தில்தான் கலியனுக்கு அந்தத் தம்பி மறுபடி எதிர்ப்பட்டான். ரங்கூனிலிருந்து கடிதம் எழுதியிருந்தான்.

அதற்கு அடுத்த வாரமே தமிழ்செல்வி சிரித்துக்கொண்டு வந்தாள். "அண்ணே, நானும் லைப்ரரில சேந்துட்டேன். ஒங்க புக்குதான் வேணும்னு எழுதி வெச்சிட்டு வந்துக்கிறேன். நீங்க குடுத்ததும் எனக்குத் தபால் கார்டு போடுவாங்களாம். நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்குத் தல வெடிச்சிடும் போலக்கீது."

"நல்லதும்மா" என்றார் கலியன். வாயில் இருந்த சோறு கல்லாகிவிட்டது.

தவணை முடிந்த அன்று, இன்னொரு பதினைந்து நாள் கேட்டுப் பார்த்தார். ஆரோக்கியமேரி தலையசைத்தார். "பதிவு இருக்குதுங்களே. அவங்க படிச்சப்புறம் எடுத்துக்கோங்க." புத்தகத்தை வாங்கிக்கொண்டு, அவருடைய அட்டையைத் திருப்பித் தந்துவிட்டார். இனி அந்தப் புத்தகத்துக்கும் கலியனுக்கும் கணக்கில் சம்பந்தமே கிடையாது. புத்தகத்துக்குள் தமிழ்செல்வி பெயர் எழுதிய சீட்டைச் செருகி, மேசை ஓரமாக வைத்துவிட்டு, வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று ஆரோக்கியமேரி எழுந்து போனார்.

கலியனின் கை தானாகப் போனது என்று சொன்னால் அது பொய். நன்றாக யோசித்துத்தான் போனது. அவள் படித்தால் தம்பி சாகவில்லை என்று தெரிந்துவிடும். தெரிந்தால் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிடுவாள். சொன்னால் படிப்பாளி மறுபடி கைநாட்டு ஆகிவிடுவார். சீட்டை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஆண்டறிக்கைகளின் பின்னால் புத்தகத்தைத் தள்ளிவிட்டு வெளியே வந்தார். நாவலில் இன்னும் நூற்றுச்சொச்சம் பக்கம் பாக்கி. ஞாயிறுதோறும் வந்து இங்கேயே நின்றபடி படித்துவிடலாம், அப்புறம் எடுத்து வைத்துவிடலாம் என்று ஒரு சமாதானம்.

அடுத்த ஞாயிறு அவர் உள்ளே நுழைந்தபோது நூலகமே கலைந்து கிடந்தது. தமிழ்செல்வி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"வாங்கண்ணா. பாருங்க இந்தக் கூத்த. கார்டு வந்துச்சேன்னு லீவு நாள்ல வந்தா புக்கக் காணமாம்."

"போட்ட கார்டு போட்டதுதான்" என்றார் ஆரோக்கியமேரி. அவர் முகம் வியர்த்திருந்தது. "அண்ணன் திருப்பிக் குடுத்த அன்னிக்கே சீட்டு வெச்சேன். மறுநாள் கார்டு எழுதிப் போட்டேன். மேசையில இருக்குதுன்னே நெனச்சிக்கினு இருந்தேன்."

"ஒங்க கம்ப்யூட்டர்ல இருக்காதா மேடம்?" என்று தமிழ்செல்வி மூலையைக் காட்டினாள். அங்கே உறை போட்ட ஒரு கம்ப்யூட்டர் இருந்தது.

"அதுல சிடி போட்டா அகராதி பாக்கலாம், பழைய இலக்கியம் கொஞ்சம் படிக்கலாம். இங்கயே ஒக்காந்துதான். இந்த மாதிரி நாவல் எல்லாம் அதுல வரல. நம்ம கிட்ட இருக்கறது ஒரே பிரதி."

"நீங்களும் கூடத் தேடுங்கண்ணா" என்றாள் தமிழ்செல்வி.

கலியன் தேடினார். நாவல் அலமாரியில் தேடினார். சிறுவர் அலமாரியில் தேடினார். விவசாயம், சமையல், சோதிடம் எல்லாவற்றிலும் குனிந்து நிமிர்ந்து, இல்லை என்று கை விரித்தார். பின்சுவர்ப் பக்கம் தமிழ்செல்வி போனபோது, "அது கவர்மெண்டு புக்கும்மா, அங்க இன்னாத்துக்கு வருது?" என்று தடுத்தார். தன் குரல் எவ்வளவு சாதாரணமாக வருகிறது என்று அவருக்கே அருவருப்பாக இருந்தது.

அப்போதுதான் ஆரோக்கியமேரி, கூட்டிப் பெருக்கவந்த கன்னியம்மாவைக் கூப்பிட்டார். "கன்னியம்மா, புதன்கிழம பழைய பேப்பர் கட்டு கட்டினியே. மேசையில இருந்தத எல்லாம் சேத்துக் கட்டிட்டியா?"

"நான் இன்னாத்துக்குமா புக்கக் கட்டறேன்?"

"தெரியாமத்தான் கேக்கறேன். எடைக்காரன் தூக்கிக்கினு போயிட்டா நான் மேல இன்னா பதில் சொல்றது?"

"படிக்கத் தெரியாதவன்னா புக்குக்கும் பேப்பருக்கும் வித்தியாசம் தெரியாதா?" கன்னியம்மா துடைப்பத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். "ஆறு வருசமாக் கூட்டறேன். ஒரு துண்டுக் காய்தம் எடுத்துக்கினு போயிருப்பேனா? கேளு இந்த அண்ணன. அண்ணே, நீ சொல்லு."

கலியன் தரையைப் பார்த்தார். படிக்கத் தெரியாதவன் என்ற சொல் பத்து வருடத்துக்கு முன்பு அவருடையது. கடைக்காரன் சொல்வான், பஸ் கண்டக்டர் சொல்வான். அதை இன்றைக்கு இவள் தலையில் தூக்கி வைத்தது யார்?

பின்சுவருக்கு நடந்தார். ஆண்டறிக்கைகளை இரண்டிரண்டாக இறக்கினார். தூசி பறந்தது. புத்தகத்தை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். மடித்துச் சட்டைப்பையில் இருந்த சீட்டையும் அதன்மேல் வைத்தார். புத்தகத்தை மட்டும் வைத்திருந்தால் எங்கோ இருந்ததைக் கண்டுபிடித்ததாகச் சொல்லிவிடலாம். சீட்டை வைத்துவிட்ட பிறகு அதற்கும் வழியில்லை.

"நான்தான்" என்றார்.

தமிழ்செல்விதான் முதலில் கேட்டாள். "இன்னாத்துக்குண்ணா? கேட்டிருந்தா நான் உட்டுக் குடுத்திருப்பேனே?"

"தம்பி சாகல" என்றார் கலியன்.

"எந்தத் தம்பி?"

"வண்டிக்காரன் தம்பி. ரங்கூன் போயிட்டான். எனக்கு அந்த எடம் படிக்க வரல. செத்துட்டான்னு நானாச் சொல்லிட்டேன்."

தமிழ்செல்வி அவரையே பார்த்தாள். சிரிப்பாளா, திட்டுவாளா என்று தெரியவில்லை. "அவ்ளோ அழுதமேண்ணா" என்றாள் மெதுவாக. "எங்கம்மா கிட்ட ஊட்ல போயிச் சொல்லி, அதுவும் அழுதுச்சி."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். கலியன் கன்னியம்மா பக்கம் திரும்பினார். "தப்பா நெனைக்காத தாயி. ஒன் மேல வரும்னு நான் நெனைக்கல."

"வந்தப்புறமும் தரையப் பாத்துக்கினு நின்னியே" என்றாள் கன்னியம்மா.

ஆரோக்கியமேரி புத்தகத்தில் தேதி முத்திரை குத்தித் தமிழ்செல்வியிடம் கொடுத்தார். பிறகு கன்னியம்மாவிடம், "நானும் கேட்டிருக்கக் கூடாது" என்றார். அவள் அதைக் காதில் வாங்காமல் கூட்டப் போய்விட்டாள். கடைசியாகத்தான் கலியனிடம் வந்தார்.

"ஒங்க உறுப்பினர் அட்டைய நான் வாங்கி வெச்சிக்கலாம்."

"வெச்சிக்கோம்மா." அட்டையை எடுத்து நீட்டினார்.

ஆரோக்கியமேரி வாங்கவில்லை. பதிவு நோட்டைத் திறந்து அவர் பக்கம் தள்ளினார். "மிச்சப் பக்கத்த எப்படிப் படிப்பீங்க? அவங்களுக்கு அடுத்தது நீங்க. பேரு எழுதுங்க. அம்பது காசுக் கார்டு ஒண்ணு குடுத்துட்டுப் போங்க, வந்ததும் போட்டு உடறேன். விட்ட பக்கத்த எல்லாம் இந்தத் தடவ படிங்க. புரியாத எடத்த இங்க வந்து கேளுங்க. அதுக்குக் காசு கெடையாது."

கலியன் தபால் நிலையம் திறந்திருக்காதே என்று விழித்தார். ஆரோக்கியமேரி தன் மேசையிலிருந்தே ஒரு கார்டை எடுத்துக் கொடுத்துக் காசை வாங்கிக்கொண்டார். "விலாசத்த நீங்களே எழுதுங்க."

பின்னால் இரண்டு பேர் புத்தகத்தோடு வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள். கலியன் பேனாவைப் பிடித்தார். பெயருக்கே ஒரு நிமிடம் ஆனது. தெருப் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போய், மேலே சின்னதாகச் செருகினார். அவருடைய எழுத்து எப்படி இருக்கும் என்று தமிழ்செல்வி இன்றைக்குத்தான் பார்க்கிறாள். அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை, நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்குக் கத யாரு சொல்றது?" என்று கேட்டாள்.

"நீ சொல்லு. தம்பி சாகலன்னு மொதல்ல சொல்லிடு."

"நீங்களே சொல்லுங்க" என்றாள் அவள். "சாவடிச்சது நீங்கதானே."

வரிசையில் நின்றவர் தொண்டையைச் செருமினார். கலியன் பின்கோடை எண்ணி எண்ணிப் போட்டார். காலடியில் துடைப்பம் வந்து இடித்தது.

"காலத் தூக்குய்யா" என்றாள் கன்னியம்மா, நிமிர்ந்து பார்க்காமல்.

அவர் தூக்கினார்.