மூன்று நேரங்களும் ஒரு கெடுவும்

எதையும் தாமாக முடிவு செய்யாமல் பிறரிடம் விட்டுவிடுவது துறைத்தலைவரின் நெடுநாள் வழக்கம். தேநீர் கொண்டு வரட்டுமா என்று கேட்டால்கூட, “உங்களுக்கு எது வசதியோ அதுவே எனக்கும்” என்பார். பல்கலைக்கழகத்தில் அவரைப் போல் பண்பாளர் இல்லை என்று பெயர். பண்பு நல்லதுதான். அதற்கும் அளவு உண்டு.

காளான்களைப் பற்றி ஆய்வு செய்ததால் ‘காளான்’ என்றே எல்லாராலும் அழைக்கப்பட்ட மாணவிக்கு அந்த மாதம் முப்பதாம் தேதியோடு ஆய்வுப் பதிவு காலாவதியாக இருந்தது. அதற்குள் வாய்மொழித் தேர்வு முடிந்தால், அடுத்த மாதம் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. முடியாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். நான்கு தேர்வாளர்களும் தலைவரும் ஒரே அறையில் இரண்டு மணி நேரம் அமர வேண்டும். அவ்வளவுதான் தேவை.

தலைவர் நால்வருக்கும் எழுதினார்: “தங்களுக்கு எப்போது வசதிப்படும்?” இரண்டு வாரங்களில் இருபத்தேழு மடல்கள் வந்தன. ஒருவர் திங்கள் என்றால் மற்றவருக்குத் திங்கள் ஆகாது. இன்னொருவர், “மற்றவர்கள் சொன்னபின் சொல்கிறேன்” என்றார். ஆறு வாசல் உள்ள தொழுவத்தில் எந்த வாசலில் நுழைவது என்று தெரியாமல் ஆடு வெளியிலேயே மழையில் நனைந்ததாம். நாள் குறிக்கும் வேலையும் அப்படித்தான் நனைந்துகொண்டிருந்தது.

அலுவலக எழுத்தரம்மாள் பொறுத்துப் பார்த்தார். காளான் ஒருநாள் அவர் மேசையருகே வந்து, “அக்கா, பேசாம நானே போய் நாலு பேரையும் கட்டி இழுத்துட்டு வரட்டுமா?” என்றாள். சிரித்தாளே தவிர, கண்கள் சிரிக்கவில்லை.

“கயிறு வேண்டாம். எங்கிட்ட விடு” என்றார் எழுத்தரம்மாள்.

வெளியூரிலிருந்து வரவேண்டிய தேர்வாளருக்கே நாள்கள் குறைவு. ஆகவே அவரைத்தான் முதலில் தொலைபேசியில் அழைத்தார். அவர் வரக்கூடிய மூன்று நேரங்களைக் குறித்துக்கொண்டார். தலைவரின் நாட்குறிப்பையும் பார்த்தார். மூன்றுக்கும் அறையைப் பதிவு செய்தார். ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை எழுதினார்:

“24 செவ்வாய் காலை பத்து, 25 புதன் பிற்பகல் இரண்டு, 27 வெள்ளி காலை பதினொன்று. இவற்றில் தங்களுக்கு இயலும் நேரங்கள் அனைத்தையும் வியாழன் (12) மாலை நான்கு மணிக்குள் தெரிவிக்கவும். அதுவரை மூன்றையும் ஒதுக்கி வைக்கவும். அன்றே ஒன்றை உறுதி செய்து மற்றவற்றை விடுவிப்போம்.”

படித்த தலைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி, “என்னம்மா இது? பெரியவங்களுக்குக் கெடு வைக்கிறதா? பள்ளிக்கூடப் பிள்ளைகளா அவங்க?” என்றார்.

“கெடு இல்லாத மடலுக்கு இருபத்தேழு பதில் வந்துச்சு சார். நாள்தான் வரல.”

“வாதம் வேண்டாம். உங்க பேர்ல இப்பவே மன்னிப்புக் கேட்டு எழுதுங்க.”

எழுத்தரம்மாள் எழுதினார். காது சிவந்திருந்தது. ஆனால் நேரங்களையும் கெடுவையும் மாற்றச் சொல்லித் தலைவர் கூறவில்லை, அவரும் மாற்றவில்லை.

மறுநாளே இருவர் பதில் சொன்னார்கள்: ஒருவருக்குப் புதனும் வெள்ளியும், இன்னொருவருக்கு வெள்ளி மட்டும். வெளியூர்க்காரர் மூன்றுக்கும் சரி என்று எழுத்தில் உறுதி செய்தார். எஞ்சியது ஒருவர். எழுத்தரம்மாள் வியாழன் காலையில் ஒரு நினைவூட்டல் அனுப்பினார். மூன்றரை வரை பதில் இல்லை. மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளத் தேர்வு விதி இடம் தராது. காளான் வாசலில் நின்று நகத்தைக் கடித்தாள். எழுத்தரம்மாள் அவரைத் தொலைபேசியில் அழைத்து, அவளும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியை இயக்கினார்.

“அய்யோ, நாலு மணிக்குள்ளதானேம்மா? வண்டியில வந்துட்டு இருக்கேன். இறங்கினதும் அனுப்பலாம்னு இருந்தேன். வெள்ளி எனக்குத் தோது. எழுதியும் அனுப்பிடறேன்” என்றது எதிர்முனை. “ஆமா, எதுக்கு ரெண்டாவதா ஒரு மன்னிப்பு மடல்? மூணுல எதுன்னு கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிடலாம். எப்ப வசதின்னு கேட்டா நாட்குறிப்பு முழுக்கப் புரட்டணும். அந்த வேலைக்குப் பயந்துதான் நான் போன தடவை வாயே திறக்கல.”

நான்கு மணிக்குள் அவர் மடலும் வந்தது. நான்கே காலுக்கு வெள்ளி, 27, பதினொரு மணி உறுதியாயிற்று. மற்ற இரண்டு நேரங்களும் அவற்றுக்கான அறைகளும் விடுவிக்கப்பட்டன. காளான் ஓடிவந்து எழுத்தரம்மாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “மெதுவாடி, மூச்சு முட்டுது!” என்றவரின் குரலிலும் நான்கு நாள் பாரம் இறங்கியிருந்தது.

இதையெல்லாம் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நின்று கேட்டுக்கொண்டிருந்த தலைவர் தம் அறைக்குள் சென்றார். சற்று நேரத்தில் தேர்வாளர் நால்வருக்கும் ஒரு மடல் போயிற்று. எழுத்தரம்மாளுக்கும் ஒரு படி வந்தது:

“திங்களன்று எங்கள் எழுத்தர் தங்களிடம் கேட்ட மன்னிப்பு என் வற்புறுத்தலால் கேட்கப்பட்டது. அவர் செய்தது சரி. தங்கள் இரண்டு வாரங்களையும் மாணவியின் இரண்டு வாரங்களையும் வீணாக்கியவன் நான். மன்னிப்புக் கேட்க வேண்டியவனும் நானே.”

பிறகு அவர் வெளியே வந்தார். அன்று அதட்டல் எவ்வளவு உரக்க ஒலித்ததோ அவ்வளவு உரக்க, “அம்மா, உங்களை எல்லார் முன்னாடியும் பேசினேன். அதனால எல்லார் முன்னாடியும் சொல்றேன், தப்பு என்னோடது” என்றார். காளானிடமும் திரும்பினார். “உங்கிட்டயும்தான்மா.”