முதல் வீடு

வேதாந்த் செய்த காரியத்தை சுகாசினி மன்னிக்கவில்லை. மன்னிக்கிற ஆளும் இல்லை அவள்.

சின்ன காஞ்சிபுரத்தில், பட்டுக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த கிராபிக்ஸ் ஸ்டூடியோ. 2007-இல் ஒரு சென்னைப் படத்துக்குப் பழைய காலத்துத் தெரு ஒன்று வேண்டியிருந்தது. ஹூடினி என்ற கிராபிக்ஸ் மென்பொருளில் அதைக் கட்டியவள் சுகாசினி. வீடு வீடாக உட்கார்ந்து வரையவில்லை, விதி எழுதினாள். தரையில் மனைக்கு ஒரு புள்ளி. சுவர் மாடிகளாகப் பிரியும், மாடி ஜன்னல் அகலத்துக்குக் கட்டங்களாகப் பிரியும். கதவு கீழ்த்தளத்தில் மட்டும், பால்கனி அதற்கு மேலே மட்டும். எந்த வீட்டுக்கு எத்தனை மாடி, என்ன ஜன்னல், எங்கே பால்கனி என்பதைக் குலுக்கிப் போட்டது போல் விழும் ஒரு ரேண்டம் எண் தீர்மானிக்கும். அந்த எண் பிறப்பதற்கு ஒவ்வொரு மனைக்கும் மாறாத அடையாள எண் ஒன்று கொடுத்து, அதற்குத் தன் பெயரையே வைத்திருந்தாள். அது மாறாதவரை வீடும் மாறாது. மூன்று மாதம் தூக்கத்தைத் தொலைத்தவள், அந்த உரிமைகூட இல்லையா என்ன?

டீம் லீடர் வேதாந்த் அதைச் சென்னைக்கு எடுத்துப்போய்த் தான் செய்ததாகக் காட்டினான். அதற்கு முன் கோப்பில் அவள் பெயர் இருந்த இடத்தையெல்லாம் தேடித் தேடி அழித்தான். அடையாள எண்ணும் அதோடு போயிற்று. அதற்குப் பதிலாக ஹூடினி தானே போடும் புள்ளி வரிசை எண்ணைச் செருகினான். கடைசி வீட்டை நீக்கிப் பார்த்தான், மற்ற வீடுகள் அசையவில்லை. சரிதான் என்று விட்டுவிட்டான். அந்தத் தெருவுக்கே ஒப்புதல் கிடைத்தது, பாதி ஷாட்கள் ரெண்டராகி முழுப் படமாகவே வந்துவிட்டன. படத்தின் டைட்டிலில் அவன் பெயர் மட்டும் வரும் என்று முடிவாயிற்று.

புதுக் கோப்பைத் திறந்த அன்றே சுகாசினிக்கு ஓட்டை தெரிந்துவிட்டது. நடுவிலோ முன்னாலோ ஒரு புள்ளி போனால் பின்னால் இருப்பவை எல்லாம் ஒரு எண் கீழே இறங்கும், ஒவ்வொரு வீடும் வேறு வீடாகிவிடும். வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் அவனே மாட்டட்டும் என்று விட்டாள்.

படத்தின் கிராபிக்ஸ் மேற்பார்வையாளர் திருஞானசம்பந்தம் ஒரு நாள் நேரில் வந்தார். படத்தில் அந்தத் தெருவில் வரும் தேர் திரும்ப இடம் போதவில்லை, தெருவின் எந்த முனையிலாவது ஒரு வீட்டை எடுத்துவிட்டால் போதும் என்றார். வேதாந்த் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். அவர் சுகாசினியைப் பார்த்து எந்த முனை நல்லது என்று கேட்டார்.

"முதல் வீட்டை எடுங்க சார்" என்றாள்.

போனை வைத்துவிட்டு வந்த வேதாந்த் யோசிக்கவே இல்லை, எடுத்தான். தெரு மொத்தமும் புரண்டது. இரண்டு மாடி ஒன்றாயிற்று, ஒன்று மூன்றாயிற்று. ஏற்கெனவே தனியாகப் படம் எடுத்துத் தெருவில் ஒட்டியிருந்த கதாநாயகி, பால்கனி இருந்த இடத்தில் மொட்டைச் சுவரின் முன்னால் அந்தரத்தில் நின்று கையாட்டினாள். திருஞானசம்பந்தத்தின் முகம் கறுத்தது. வேதாந்த் எதையெதையோ மாற்றினான், ஒவ்வொரு மாற்றத்துக்கும் தெரு வேறு மாதிரி புரண்டது. அவன் கழுத்தெல்லாம் வேர்வை. சுகாசினி அதை ஆசை தீரப் பார்த்தாள். அப்பாடா, எத்தனை நாள் காத்திருந்தாள் இதற்கு!

கடைசியில் அவன் அவள் பக்கம் குனிந்தான். "சுகா, ப்ளீஸ்மா. என்னான்னு பாரேன்."

"யார் செஞ்சதுன்னு சாருக்குச் சொல்லுங்க. பார்க்கறேன்."

அறையே அவனைப் பார்த்தது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னான். எல்லாம் சுகாசினி எழுதியது, தான் செய்தது பெயரை மாற்றியது மட்டும்தான் என்று.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வீட்டை நீக்கும் கட்டளைக்கு முன்னாலேயே ஒவ்வொரு புள்ளியின் பழைய எண்ணையும் அதன் மேலேயே எழுதி வைத்தாள். ரேண்டமை அந்த எண்ணிலிருந்து எடுக்கச் சொன்னாள். முதல் வீடு இல்லை, மற்ற எல்லாம் பழையபடி. கதாநாயகி தன் பால்கனியில் நின்றாள். வேலை இரண்டே நிமிடம்.

திருஞானசம்பந்தம் பெருமூச்சு விட்டார். பிறகு திரையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"தெரிஞ்சுக்கினுதான் முதல் வீட்டைச் சொன்னியாமா?"

பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "ஆமா சார். கடைசி வீட்டைச் சொல்லியிருந்தா தெரு இவர் பேர்லயே நின்னுக்கினு இருக்கும்."

அவர் டைட்டிலில் உன் பேர் வரும், அவன் பேர் வராது என்றார். ஆனால் அடுத்த படத்துக்கு உன்னைக் கூப்பிட மாட்டேன், என் வேலையை வைத்துப் பழி தீர்க்கிற ஆள் எனக்கு வேண்டாம் என்றார். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

அடுத்த படம் பெரிய படம், அதுவும் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அவர் பின்னால் போக எழுந்திருக்கவில்லை. பழைய எண்ணை எழுதி வைத்த இடத்துக்கு அவசரத்தில் ஏதோ ஒரு பெயர்தான் வைத்திருந்தாள். கீபோர்டை வேதாந்த் பக்கம் தள்ளினாள்.

"என் பேரை நீங்களே அடிங்க" என்றாள்.