ஐந்து வருடம் ஊற்றியது யார்?

என் அண்ணனுடைய பைக் பட்டறையில் வாடிக்கையாளர் ராஜா, தங்கை கடைசி. பழைய ஆயிலை இறக்கிப் புதிதாக ஊற்ற அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேர வேலைக்கு என்னை அரை நாள் ஸ்டூலில் உட்கார வைப்பான். "வீட்டு ஆளுதானே, இருப்பா" என்பான். எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் வண்டியை எடுத்துக்கொண்டு போவார்கள். நான் டயர் விளம்பரத்தை வாசித்துக்கொண்டிருப்பேன்.

நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு சாம்பிள் கொண்டு போகிறவள். சேகரிப்பு மையங்களில் இருந்து குழாய்களை ஐஸ் பெட்டியில் வாங்கி, கெடுவதற்குள் கூடத்தில் சேர்க்க வேண்டும். தினமும் நூற்றிருபது கிலோமீட்டர் ஓடும். ஐந்து வருடமாக ஒரே பைக், என் பெயரில் வாங்கி, என் சம்பளத்தில் தவணை கட்டி முடித்தது. அண்ணன் ஊற்றுவது மலிவான, சாதாரண மினரல் ஆயில். மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பது அவன் சட்டம். எனக்கு அது மாதம் தவறாமல் வந்துவிடும்.

ஒரு நாள் ஸ்டூலில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வலித்ததில் வாயைத் திறந்தேன்.

"அண்ணா, இந்தத் தடவை சிந்தெடிக் ஆயில் ஊத்து."

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். நான் ஏதோ விஷம் கேட்ட மாதிரி பார்த்தான்.

"அஞ்சு வருஷ வண்டிக்கு சிந்தெடிக்கா? சீலெல்லாம் கசிஞ்சு ஒழுகும். விலை வேற ரெட்டிப்பு. உனக்கு என்ன, பணம் மரத்துலயா காய்க்குது?"

"மினரல் லிட்டர் நானூறு. ஆறாயிரத்துக்குள்ள ரெண்டு தடவை. எண்ணூறு. சிந்தெடிக் எண்ணூத்தம்பது, ஆறாயிரத்துக்கு ஒரே தடவை. அம்பது ரூபாதான் வித்தியாசம். உன் ஸ்டூல்ல நான் உக்கார்ற அரை நாள் அம்பது ரூபாய்க்கு மேல பெறாதா?"

"இன்ஜின் தேஞ்சா?"

"காலையில முதல் கிக்குலதான் ரொம்பத் தேயும்ங்கிற. சிந்தெடிக் குளிர்லயும் சட்டுனு மேல ஏறும். டிராஃபிக்ல கொதிச்சாலும் சீக்கிரம் நீர்த்துப் போகாது. உன் ஆயில் ரெண்டாயிரத்தைத் தாண்டினாலே கியர் கடக்குனு விழுது."

"ஓட்டுறது ரேஸா? ஐஸ் பெட்டிதானே? இந்தச் சின்ன இன்ஜினுக்கு மினரலை நேரத்துக்கு மாத்தினா போதும், ஒண்ணும் ஆகாது. எனக்கே பாடம் எடுக்க வந்துட்டா!"

கல்லாவில் இருந்த அண்ணி சிரித்துவிட்டாள். அண்ணனுக்கு அதுதான் தாங்கவில்லை. சுற்றியிருந்த நாலு வாடிக்கையாளருக்கும் கேட்கிற மாதிரி, "இந்தக் கடையில பழைய வண்டிக்கு சிந்தெடிக் ஊத்துறதில்ல!" என்றான்.

சரிதான் போடா என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வரும் வழியில் ஓர் உதிரிபாகக் கடையில், "ஃபுல் சிந்தெடிக் ஒரு லிட்டர்" என்றேன். கடைக்காரர் தள்ளுபடி என்று ஒரு டின்னை நீட்டினார். கோபத்தில் வாங்குகிறவள் எங்கே டின்னைப் படிக்கப் போகிறாள்? வீட்டு வாசலில் இன்ஜினைச் சூடாக்கி, அடி நட்டைக் கழற்றி, கறுப்பு ஆயிலைப் பழைய டப்பாவில் இறக்கி, புதியதை ஊற்றினேன். என் கையாலேயே! அன்று ராத்திரி நான் மிதப்பாகத்தான் தூங்கினேன்.

மிதப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. பாலத்தின் ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் இன்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தே என்னை ஏற்றிவிடுவான் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வேறு வழியில்லாமல் அண்ணனிடமே போனேன்.

அவன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். முகத்தில் கல்யாணக்களை.

"நான் சொன்னேனா இல்லையா? சிந்தெடிக் ஊத்தினல்ல? இன்ஜின் போச்சு. ரிங்கு, பிஸ்டன், கிளட்ச், எல்லாம் போச்சு. இதைப் பிரிச்சு வேலை பாக்கிற காசுக்கு வேற வண்டியே வாங்கலாம். பேசாம வித்துடு. உங்க அண்ணிக்கு வீட்டு வேலையே சரியா இருக்கு, நம்ம கல்லாவுக்கு ஒரு ஆள் வேணும், நிழல்ல உக்காந்து பில் போடு. ரோடு ரோடா சுத்தினது போதும்."

இதுதான் விஷயம். அவனுக்கு ஒரு வருடமாகவே என்னைக் கல்லாவில் உட்கார வைக்க ஆசை. அண்ணன் கடையில் தங்கைக்குச் சம்பளம் என்று ஒன்று இருக்காது, 'நம்ம கடை' என்று ஒரு வார்த்தைதான் இருக்கும். இந்த வண்டி போனால் என் வேலை போகும். வேலை போனால் இந்தக் கல்லாவே கதி.

"இன்ஜின் உண்மையிலேயே போயிருந்தா நானே சாவியைக் குடுக்கிறேன். அண்ணி, நீங்க சாட்சி" என்று சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்பு என்று அண்ணி கண்ணாலேயே திட்டினாள். அவன் அன்றைக்கே வண்டியை வாங்க ஆள் தேட ஆரம்பித்துவிட்டான்.

மறுநாள் அந்த டின்னை எடுத்து முதல் முறையாகப் பார்த்தேன். அதன் மேல் பளபளவென்று ஒரு கார்! கண் என்று இரண்டு முகத்தில் எதற்கு இருக்கிறது? பரிசோதனைக் கூடத்து வாசலில் ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர் நிற்பார். அவரிடம் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, காருக்கு கிளட்ச் தனியா காஞ்சு கிடக்கும். உன் பைக்குக்கு கிளட்ச் பிளேட்டே இன்ஜின் ஆயில்லதான் முங்கிக் கிடக்கு. இந்த மாதிரி கார் ஆயில்ல வழுக்கலுக்குன்னு மருந்து சேர்த்திருப்பான். பிளேட்டு வழுக்காம என்ன செய்யும்? பைக் ஆயில் டின்னுல ஜாசோ எம்.ஏ.ன்னு போட்டிருக்கும், அதைப் பாத்து வாங்கு."

சிந்தெடிக் மேல் தப்பில்லை, தப்பு என் மேல்தான். இருக்கட்டும். தப்புப் பண்ணினதற்காகச் சாவியைக் கொடுத்துவிட முடியுமா?

கார் ஆயிலை இறக்கினேன். மலிவான மினரல் பைக் ஆயிலை ஊற்றி, பிளேட்டில் ஒட்டியிருந்ததைக் கழுவுகிற மாதிரி இரண்டு நாள் நிதானமாக ஓட்டினேன். வழுக்கல் குறைந்தது, முழுசாகப் போகவில்லை. அதையும் இறக்கிவிட்டு, எம்.ஏ. என்று எழுத்துக் கூட்டிப் படித்து, வண்டிப் புத்தகத்தில் போட்ட அதே கிரேடில் பைக் சிந்தெடிக் ஊற்றினேன். இரண்டு ஆயில் தண்டம்தான். மூன்றாவது நாள் அதே பாலத்தில் திருகினேன். வண்டி சும்மா விர்ரென்று ஏறியது. ஹெல்மெட்டுக்குள் சத்தம் போட்டே சிரித்தேன்.

அன்றைக்கே அண்ணி போன் செய்தாள். "வண்டி வாங்க ஆள் வந்திருக்கு. சீக்கிரம் வா."

போனேன். காய்கறி மொத்த வியாபாரி ஒருவர், மகனுக்கு வண்டி பார்க்க வந்தவர், பட்டறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் வண்டியை நிறுத்துவதற்குள் அண்ணன் பேச்சை ஆரம்பித்திருந்தான்.

"இன்ஜின் கல்லு மாதிரி இருக்குங்க. அஞ்சு வருஷமா நானே பாத்துக்கிட்ட வண்டி. டைமுக்கு ஆயில். இந்த இன்ஜின்ல தேய்மானமே இருக்காது, நான் கேரண்டி."

வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு நேராக அவன் முன்னால் போய் நின்றேன்.

"எந்த வாயால சொல்ற நீ? என்கிட்ட இன்ஜின் போச்சுன்ன. அவர்கிட்ட கல்லுங்கிற. ரெண்டுல எது நிஜம்?"

"சும்மா இரு. வியாபாரம் நடக்குது."

"என் வண்டியை வச்சு என்ன வியாபாரம்? ஏங்க, நீங்களே கேளுங்க. இந்த இன்ஜின் தேஞ்சு போச்சுன்னு இவர் போன வாரம்தான் சொன்னாரு. அப்படித் தேஞ்சிருந்தா, அஞ்சு வருஷமா அதுல ஊத்தினது யாரு? நான் சிந்தெடிக் ஊத்தினது ஒரு வாரம். ஒரு வாரத்துல எந்த ரிங்கு தேயும்? தேஞ்சிருந்தா உன் மினரல்தான் தேச்சிருக்கு. அதை இந்தக் கடை முன்னாடி நின்னு சொல்லு!"

ஸ்டூலில் காத்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். அண்ணன் மாட்டிக்கொண்டான். இன்ஜின் போச்சு என்றால் அவன் கைராசி போச்சு. நன்றாக இருக்கிறது என்றால் தங்கை போச்சு.

"கம்ப்ரஷன் மீட்டரைக் கொண்டா" என்றேன். "உன் கையாலேயே பாரு."

அவன் கொண்டு வந்தான், வேறு என்ன செய்வான்? சூடாக இருந்த இன்ஜினில் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் அழுத்தம் காட்டும் அந்த மீட்டரை முறுக்கினான். நான் ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திருகிப் பிடித்தேன். அவன் கிக்கரை உதைத்தான். முள் உதைக்கு உதை ஏறிப் பன்னிரண்டு கிலோ அழுத்தத்தைத் தாண்டி நின்றது. வண்டிப் புத்தகம் கேட்பதும் அதுதான்.

"ரிங்கு?" என்றேன், விடாமல்.

சிலிண்டருக்குள் சொட்டு ஆயில் விட்டு மறுபடி உதைத்தான். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் இடைவெளியை அடைத்து முள்ளை எகிற வைக்கும். முள் கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். ரிங் கெட்டியாக இருந்தது. கிளட்சுக்கு வேறு சாட்சி தேவையில்லை, வியாபாரியைப் பின்னால் உட்கார வைத்து மேட்டுத் தெருவில் ஒரு சுற்று ஏற்றிக் காட்டினேன். திரும்பி இறங்கியதும் அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டே அண்ணனிடம், "நீங்க சொன்னதுக்கு மேல ரெண்டாயிரம் தர்றேன்" என்றார். சொந்தக் குழியை நானே தோண்டிவிட்டேன் போல!

அண்ணன் கண் மின்னியது. என்னைப் பார்த்தான்.

"இன்ஜின் போயிருந்தாதான் சாவின்னு சொன்னேன்" என்றேன். "போகல. அண்ணி சாட்சி."

"ஆமா, நான் சாட்சி" என்றாள் அண்ணி, கல்லாவில் இருந்து எழுந்தே நின்று. கட்டினவன் முறைத்தும் அவள் உட்காரவில்லை.

வியாபாரி சிரித்துக்கொண்டே போனார். அண்ணன் துணியில் கையைத் துடைத்தான், துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அஞ்சு வருஷம் இப்படி இருக்குன்னா அது என் மினரல்தான்" என்றான் கடைசியில்.

"ஒத்துக்கிறேன். நேரத்துக்கு ஊத்தின, நல்லா வச்சிருக்க. அதுக்காக நான் சாகுற வரைக்கும் உன் ஸ்டூல்ல உக்காரணுமா?"

"ஒழுகும், பாரு. சீல் கசியாம இருக்காது."

"பாக்கலாம்."

அன்று முதல் தினமும் ராத்திரி வண்டியின் அடியில் ஒரே வெள்ளை அட்டையை விரித்து வைத்தேன். ஆறாயிரம் ஓடி முடிந்ததும் என் வாசலிலேயே ஆயிலை மாற்றிவிட்டு, அட்டையை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அண்ணன் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓரத்தில் ஒரு சொட்டு.

"இதோ! ஒழுகியிருக்கு!"

"மோந்து பாரு. அது செயினுக்குப் போட்ட எண்ணெய். இன்ஜின்ல இருந்து விழுந்த சொட்டு இல்ல."

மோந்து பார்த்தான். அட்டையை என்னிடமே நீட்டினான். டயர் விளம்பரத்துக்குப் பக்கத்தில், ஸ்டூலில் உட்காருகிறவர்கள் எல்லோருக்கும் தெரிகிற உயரத்தில், அந்த அட்டையில் 'எம்.ஏ. சிந்தெடிக், ஆறாயிரம் கிலோமீட்டர்' என்று எழுதி நானே ஆணி அடித்து மாட்டினேன். அவன் தடுக்கவில்லை. நான் கிளம்பும்போது பின்னால் ஒரு வாடிக்கையாளர் கேட்பது காதில் விழுந்தது.

"அண்ணே, என் வண்டியும் அஞ்சு வருஷம்தான். சிந்தெடிக் ஊத்தலாமா?"

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "ஊத்தலாம். எம்.ஏ. போட்டிருக்கான்னு பாத்து வாங்கிட்டு வா."